பயிற்சி ஸ்லைடுகளிலிருந்து வேலைக்கு நடுவே டிக் போடும் தாள்: கணவாய் சுத்தம் செய்யும் ஷெட்டுக்கான முழுமையான வழிகாட்டி

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஏற்றுமதிக்காக மீன் வாங்கிச் சுத்தம் செய்யும் ஷெட்டுகளில் தரக் கட்டுப்பாட்டு வேலை பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தலைமை ஆலையிலிருந்து அறுபது, எழுபது ஸ்லைடு கொண்ட பயிற்சிக் கோப்பு வரும். ஒரு நாள் ப்ரொஜெக்டரில் காட்டுவார்கள், வருகைப் பதிவில் கையெழுத்து வாங்குவார்கள். அப்புறம் "இதை ஒரு செக்லிஸ்ட் ஆக்கி ஷெட்டில் மாட்டுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். புதிதாக வருபவர்கள் அந்த ஸ்லைடுகளை அப்படியே காப்பி எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டே வாரத்தில் அது யாரும் படிக்காமலே டிக் போடும் தாளாகிவிடுகிறது.

கணவாய் ஷெட் ஒன்றை உதாரணமாக வைத்து வரிசையாகச் சொல்கிறேன். இறால், நண்டு ஷெட்டுக்கும் வரிசை இதேதான், எல்லைகள் மட்டும் மாறும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் பயிற்சிக் கோப்பு. அதைவிட முக்கியம் அந்த ஷெட்டுக்கான ஹாசப் என்னும் உணவுப் பாதுகாப்புத் திட்டத்தின் எழுத்துப் பிரதி. எந்த இடத்தில் எந்த எல்லை, எல்லை மீறினால் என்ன செய்வது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பயிற்சி ஸ்லைடு அதன் சுருக்கம். சுருக்கும்போது எண்கள் விழுந்துவிடும், சில நேரம் தவறாகவும் வந்துவிடும். ஸ்லைடும் திட்டமும் வேறு வேறு எண் சொன்னால் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தர அலுவலரிடம் கேட்டு எழுத்தில் உறுதி வாங்கிவிட்டு ஸ்லைடைத் திருத்தச் சொல்லுங்கள்.

அடுத்து, கடந்த மூன்று மாதப் பழைய பதிவுத் தாள்களும், தணிக்கைக்கு வந்தவர்கள் எழுதிவைத்த குறைகளும் வேண்டும். எந்த வரி உண்மையில் தவறியது என்று அவைதான் காட்டும்.

கடைசியாக மூன்று பேர்: சரக்கு இறக்குபவர் ஒருவர், மேசையில் சுத்தம் செய்யும் அனுபவமுள்ள அக்கா ஒருவர், ஐஸும் தண்ணீரும் பார்ப்பவர் ஒருவர். இவர்களோடு உட்காராமல் எழுதிய தாள் எதுவும் ஒரு பருவம் தாண்டி நான் பார்த்ததில்லை.

காலத்தையும் பாருங்கள். நம் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். பிரிக்க, எழுத, அச்சடிக்க அந்தக் காலம் சரி. ஆனால் தாளைச் சோதித்துப் பார்க்க அது உதவாது, சரக்கு வரும் நாளில்தான் சோதிக்க முடியும்.

2. ஸ்லைடுகளை மூன்று குவியலாகப் பிரித்தல்

எல்லா ஸ்லைடையும் அச்சிட்டு மேசையில் பரப்புங்கள். ஒவ்வொன்றிலும் வினைச்சொல்லுக்குக் கீழே கோடு போடுங்கள். "அறிந்திருக்க வேண்டும்", "புரிந்துகொள்ள வேண்டும்" என்று முடிபவை ஒரு குவியல். "துடைக்க வேண்டும்", "அளக்க வேண்டும்", "பிரித்து வைக்க வேண்டும்" என்பவை இரண்டாவது. ஷெட் ஆட்கள் செய்யாத வேலைகள், அதாவது ஆய்வகப் பரிசோதனை, பூச்சிக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம், தெர்மாமீட்டருக்கு ஆண்டுச் சான்று வாங்குவது போன்றவை மூன்றாவது.

இரண்டாவது குவியல் மட்டும்தான் அன்றாடத் தாளுக்கு வரும். முதல் குவியலைத் தூக்கி எறிய வேண்டாம், அதைச் சுவரொட்டியாகவோ காலைப் பேச்சாகவோ வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது குவியல் அலுவலகத்தின் மாத அட்டவணைக்குப் போகும்.

இங்கே ஒரு சிக்கல் வரும். அறிவு ஸ்லைடு போலத் தெரிவதற்குள் ஒரு செயல் ஒளிந்திருக்கும். கணவாயில் காட்மியம் பற்றிய ஸ்லைடு அப்படித்தான். காட்மியம் பெரும்பாலும் குடல் பகுதியில்தான் சேர்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் குடல் நீக்கிய கணவாய் வகைகளுக்குக் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது. மேசையில் நிற்பவருக்கு இந்த எண் தேவையில்லை. "குடல் உடையாமல் முழுதாக வந்ததா, உள்ளே மிச்சம் இல்லையா" என்பதுதான் தேவை. எனவே எண்ணை ஸ்லைடிலேயே விட்டுவிட்டு, செயலை மட்டும் எடுத்து வையுங்கள்.

3. சரக்கு வரும் நாளில் ஒரு நடை

ராமேஸ்வரம் விசைப்படகுகள் வழக்கமாகத் திங்கள், புதன், சனிக்கிழமைகளில் கடலுக்குப் போய் மறுநாள் திரும்புகின்றன. ஆகவே செவ்வாய், வியாழன், ஞாயிறு காலை ஷெட்டில் நெருக்கடி. இந்த மூன்றில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, வண்டி வருவதிலிருந்து கடைசித் தரை கழுவும்வரை கூடவே நில்லுங்கள். தயவுசெய்து சரக்கு வராத நாளில் இந்த நடையைப் போடாதீர்கள். அன்று எல்லோருக்கும் நேரம் இருக்கும், கை உலர்ந்திருக்கும், நீங்கள் கேட்டதெல்லாம் முடியும் என்று சொல்வார்கள்.

ஒரு நோட்டில் இரண்டு விஷயம் மட்டும் எழுதுங்கள்: யார் எந்த இடத்தில் நிற்கிறார், அவருடைய கை எப்போது ஓய்கிறது. கணவாய் மேசையில் கை ஓயும் நேரங்கள் மிகக் குறைவு. ஷெட்டுக்குள் நுழையும்போது, ஒரு பெட்டி முடிந்து அடுத்தது வரும்போது, மணிக்கு ஒருமுறை கை கழுவப் போகும்போது, கடைசியில். டிக் போடும் வேலையை இந்த இடைவெளிகளில்தான் செருக முடியும்.

நான் முதல்முறை தாளை மேசையோரம் தொங்கவிட்டேன். ஓர் அக்கா கையைத் தூக்கிக் காட்டி, "தம்பி, கை முழுக்க கணவாய் மையா இருக்கு, பேனாவ எப்படிப் பிடிக்கிறது?" என்று கேட்டார். அன்றே தாளைக் கை கழுவும் தொட்டிக்கு அருகில் மாற்றினோம். வரிசை இப்படி வந்தது: மேசையை விட்டு வந்து கையை அலசுவது, டிக் போடுவது, பிறகு சோப்புப் போட்டுக் கழுவி குளோரின் நீரில் முக்கி, நேராக மேசைக்குத் திரும்புவது. கழுவி முடித்த பிறகு பேனாவைத் தொட்டால் கழுவியதே வீண். இந்த வரிசையை எந்த ஸ்லைடும் சொல்லாது.

4. ஒரு ஸ்லைடை வரிகளாக மாற்றுதல்

இதுதான் முழு வேலையின் நடுப்பகுதி, கொஞ்சம் நிதானமாகச் செய்ய வேண்டியது. எங்களுக்கு வந்த "மூலப்பொருள் பெறுதல்" ஸ்லைடில் நான்கு வாக்கியம் இருந்தது. தரமான சரக்கை மட்டும் ஏற்க வேண்டும். வெப்பநிலை 4 டிகிரிக்குக் கீழ் பராமரிக்கப்பட வேண்டும். வாகனம் சுத்தமாக இருக்க வேண்டும். ஆவணங்கள் சரிபார்க்கப்பட வேண்டும்.

இவற்றில் ஒன்றுக்கும் நேராக டிக் போட முடியாது. "தரமான" என்பதை இரண்டு பேர் இரண்டு விதமாகப் பார்ப்பார்கள். "பராமரிக்கப்பட" என்றால் யார், எப்போது, எதை வைத்து என்பது தெரியாது. ஒவ்வொரு வாக்கியத்தையும் நான்கு கேள்விகளால் உடையுங்கள்: யார் செய்கிறார், எந்தக் கணத்தில், எதைக் கண்ணால் பார்க்கிறார் அல்லது கருவியில் படிக்கிறார், இல்லையென்றால் உடனே என்ன செய்கிறார்.

வெப்பநிலை வாக்கியம் எங்கள் தாளில் இப்படி ஆனது: "வண்டியிலிருந்து இறக்கியதும் மேல் அடுக்கில் ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என மூன்று பெட்டி எடு. ஒவ்வொன்றிலும் ஒரு கணவாயின் உடலின் தடித்த பகுதிக்குள் தெர்மாமீட்டர் முனையைச் செருகி, எண் நிற்கும்வரை காத்திருந்து எழுது."

மூன்று அடுக்கு எதற்கு என்றால், புதியவர்கள் கைக்கு எட்டும் மேல் பெட்டியை மட்டுமே பார்ப்பார்கள். மேலே புது ஐஸ் கொட்டியிருப்பதால் அது எப்போதும் குளிர்ந்தே இருக்கும். அடிப்பெட்டியில் ஐஸ் உருகி வடிந்து, சரக்கு வெறும் தண்ணீரில் கிடக்கும். உடலுக்குள் செருகச் சொல்வதும் அதே காரணத்துக்காக. உருகிய ஐஸ் நீரில் முனையை வைத்தால் பூஜ்யத்துக்கு அருகில் காட்டும், உள்ளே இருக்கும் சதை எட்டு டிகிரியில் இருந்தாலும்.

மற்ற மூன்று வாக்கியங்களையும் இதேபோல் உடைத்தோம். "வாகனம் சுத்தம்" என்பது "கதவு திறந்ததும் டீசல், பழைய மீன் வாடை இல்லாமல் இருக்கிறதா? பெட்டி நேராகத் தரையில் படாமல் இருக்கிறதா?" என்று மாறியது. "ஆவணங்கள்" என்பது "படகின் பதிவு எண்ணும் இறக்கிய நாளும் பெட்டிச் சீட்டில் எழுதியிருக்கிறதா? சீட்டிலுள்ள லாட் எண்ணை இந்தத் தாளில் எழுது" என்று ஆனது. "தரமான" என்பதற்கு மட்டும் வாடை, சதையின் நிறம், தொட்டால் உறுதியாக இருப்பது என மூன்று அடையாளங்களைப் படத்தோடு பலகையில் ஒட்டி, தாளில் ஒரே வரி வைத்தோம்.

கவனிக்க வேண்டியது: 4 டிகிரி எங்கள் திட்டத்தில் இருந்த எல்லை. உங்கள் திட்டத்தில் வேறாக இருந்தால் அதைத்தான் எழுத வேண்டும். அக்கம்பக்க ஷெட்டின் தாளை வாங்கிக் காப்பி அடிப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

5. டிக் எங்கே, எண் எங்கே

ஆம், இல்லை என்று முடிவதற்கு டிக் போதும். அளந்து பார்க்க வேண்டியது எதற்கும் டிக் கூடாது, எண்தான் எழுத வேண்டும். "குளோரின் சரியாக உள்ளதா" என்று கேட்டுக் கட்டம் வைத்தால், காலையில் மருந்து ஊற்றியவர் நாள் முழுவதற்கும் டிக் போட்டுவிடுவார்.

குளோரினைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் தவறுவது இதில்தான். எங்கள் திட்டத்தில் கை முக்கும் நீருக்கு 20 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 20 மில்லிகிராம் குளோரின். ஐந்து சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலில் ஒரு மில்லியில் ஏறக்குறைய 50 மில்லிகிராம் குளோரின் இருக்கிறது. பத்து லிட்டர் நீருக்குத் தேவையானது 200 மில்லிகிராம், ஆகவே 4 மில்லி. இந்தக் கணக்கைத் தாளில் போடாதீர்கள். ஒரு சின்ன அளவுக் குப்பியில் 4 மில்லி கோட்டை மார்க்கரால் வரைந்து, "வாளியின் கோடு வரை நீர், குப்பியின் கோடு வரை மருந்து" என்று எழுதுங்கள்.

ஆனால் கலந்ததும் வேலை முடிவதில்லை. மை, சளி, சதைத் துணுக்கு படிந்த கைகள் அந்த நீரில் முங்க முங்கக் குளோரின் செலவழிந்துகொண்டே போகும். காலையில் சரியாக இருந்த நீர், ஒன்றிரண்டு மணி நேரத்தில் வெறும் தண்ணீராகிவிடலாம். தவிர, பழைய கேனிலும் வெயிலில் நின்ற கேனிலும் ஐந்து சதவீதம் ஐந்தாக இருக்காது. எனவே மணிக்கொருமுறை பரிசோதனைத் தாள்துண்டை முக்கி, வந்த எண்ணை எழுதும் வரி வேண்டும். எண் குறைந்தால் மேலே கொஞ்சம் மருந்து ஊற்றிச் சரிக்கட்டாமல், நீரையே மாற்றச் சொல்லுங்கள். அழுக்கு நீரில் எவ்வளவு ஊற்றினாலும் சீக்கிரமே மறுபடி இறங்கிவிடும்.

தெர்மாமீட்டருக்கும் காலையில் ஒரு வரி தேவை. நொறுக்கிய ஐஸும் கொஞ்சம் நல்ல தண்ணீரும் கலந்த டம்ளரில் முனையை வைத்துச் சில நிமிடம் விட்டால் பூஜ்யம் காட்ட வேண்டும். எவ்வளவு விலகலாம் என்பதைத் திட்டத்திலிருந்து எடுத்து அதே வரியில் எழுதுங்கள். இந்த வரி இல்லாவிட்டால் மற்ற எல்லா வெப்பநிலை எண்ணும் சந்தேகத்துக்குரியதாகிவிடும்.

6. "இல்லை" என்றால் என்ன என்பதை வரியிலேயே எழுதுதல்

பெரும்பாலான தாள்களில் "மேற்பார்வையாளரிடம் தெரிவிக்கவும்" என்று மட்டும் இருக்கும். அதிகாலையில் வண்டி நிற்கும்போது மேற்பார்வையாளர் வேறு ஷெட்டில் இருப்பார். சரக்கு வெயிலில் காத்திருக்கும். கடைசியில் "ஆம்" என்று எழுதிவிட்டு இறக்குவார்கள்.

எங்கள் தாளில் 4 டிகிரிக்கு மேல் வந்தால் என்ன செய்வது என்று தர அலுவலர் எழுதிக் கொடுத்தது இது: அந்த லாட்டைத் தனியே வை, சிவப்புச் சீட்டு ஒட்டு, மேலும் கீழும் ஐஸ் போடு, தர அலுவலருக்கு ஃபோன் செய், அவர் சொல்லும்வரை மேசைக்கு ஏற்றாதே. ஐந்தும் அங்கேயே, அந்த ஆளே செய்யக்கூடியவை. சரக்கை ஏற்பதா, திருப்புவதா என்ற முடிவு மட்டும் தர அலுவலருடையது. அந்த முடிவையும் நேரத்தையும் எழுத அதே வரியில் இடம் விடுங்கள். இந்த நடவடிக்கைகளை நீங்களாக யோசித்து எழுதக் கூடாது, திட்டம் வைத்திருப்பவரிடம் கேட்டு வாங்க வேண்டும்.

7. வரிகளை இடத்தின்படி அடுக்குதல்

ஸ்லைடு வரிசை பாடத்துக்கானது: தனிநபர் சுகாதாரம் ஒரு பாகம், தண்ணீர் ஒரு பாகம் என்று போகும். தாள் அப்படிப் போனால் ஒருவர் வாசலுக்கும் மேசைக்கும் ஐஸ் அறைக்கும் மாறி மாறி ஓட வேண்டும். ஓட மாட்டார், நின்ற இடத்திலேயே எழுதிவிடுவார்.

எனவே ஒரு இடத்துக்கு ஒரு தாள். வாசலில் ஒன்று, இறக்கும் இடத்தில் ஒன்று, கை கழுவும் தொட்டியருகே மேசைக்கானது, ஐஸ் அறைக்கு ஒன்று, மூடும்போது ஒன்று. ஒரு தாளில் எட்டு வரிக்கு மேல் போனால் நான் திரும்ப உட்கார்ந்து வெட்டுவேன். எதை வெட்டுவது என்று தெரியாவிட்டால் பழைய பதிவுகளைப் பாருங்கள். மூன்று மாதமும் ஒருமுறைகூடத் தவறாத, தவறினாலும் சரக்குக்குக் கேடு வராத வரிகளை வாரத் தாளுக்கு மாற்றலாம். ஹாசப் திட்டத்தின் முக்கியக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வெட்டக் கூடாது.

எழுதும் தமிழ் ஷெட்டில் பேசும் தமிழாக இருக்கட்டும். "கிருமி நீக்கம்" என்பதைவிட "குளோரின் தண்ணியில் முக்கு" என்பது உடனே புரியும். வடமாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு படம் சேர்த்துவிடுங்கள்.

தாளின் பொருளையும் யோசியுங்கள். ஷெட்டில் எல்லாமே ஈரம். கடினமான அட்டை, பிளாஸ்டிக் உறை, கயிற்றில் கட்டிய மூடியில்லாத பேனா. ஸ்டேப்லர் பின், குண்டூசி, கழன்று விழும் பேனா மூடி எதுவும் மேசைப் பக்கம் வரக் கூடாது, அவை சரக்குக்குள் விழுந்தால் அதுவே பெரிய குறை.

8. ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தல்

முதல் வாரம் ஒரே ஒரு இடத்தின் தாளை மட்டும் கொடுங்கள். ஐந்தையும் ஒரே நாளில் கொடுத்தால் எது தடுமாறுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. சரக்கு வரும் மூன்று நாளும் அருகிலிருந்து பாருங்கள், ஆனால் உதவி செய்யாதீர்கள். யாராவது "இதுக்கு என்ன எழுதணும்?" என்று கேட்டால் பதில் சொல்லிவிட்டு அந்த வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே வரிக்கு இரண்டு பேர் கேட்டால் அந்த வரியை மாற்றி எழுத வேண்டும்.

பார்க்காமல் போட்ட டிக்கை எப்படிக் கண்டுபிடிப்பது? வெப்பநிலை எல்லாம் 3.2, 3.2, 3.2 என்று இருக்கும். பதினோரு மணிக்குப் போய்ப் பார்த்தால் பன்னிரண்டு மணிக் கட்டம் நிரம்பியிருக்கும். காலையிலிருந்து மாலைவரை ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே அழுத்தத்தில் டிக் இருக்கும். ஈர ஷெட்டில் வேலை செய்த தாள் சொட்டுப் பட்டுச் சுருங்கி வரும், வெள்ளையாக வந்தால் அது வேறெங்கோ உட்கார்ந்து எழுதியது. எல்லாவற்றையும்விட, மாதம் முழுக்க ஒரு "இல்லை" கூட இல்லாத தாள். ஐஸ் உருகும் ஊரில் அது நடக்காது.

இதைக் கண்டதும் ஆளைத் திட்ட வேண்டாம். முதலில் தெர்மாமீட்டர் வேலை செய்கிறதா, தாள்துண்டுகள் தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். நான் பார்த்த ஒரு ஷெட்டில் பேட்டரி போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது, ஒன்பது நாளும் 3.5 என்று எழுதியிருந்தார்கள். பேட்டரி கேட்டால் அலுவலகத்தில் சலித்துக்கொள்வார்கள் என்று அந்தப் பையன் பயந்திருந்தான். அன்றிலிருந்து உபரி பேட்டரியும் தாள்துண்டும் பலகைக்குப் பின்னாலேயே ஒரு டப்பாவில் இருக்கின்றன. "இல்லை" என்று எழுதியவரை யாரும் திட்டக் கூடாது என்பதை முதலாளி தன் வாயால் சொல்லவும் வைத்தோம். அடுத்த வாரமே நான்கு "இல்லை" வந்தது.

9. பார்த்துக் கையெழுத்திடுதல், பாதுகாத்தல்

எழுதுபவரும் சரிபார்ப்பவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. அன்று மாலையே தர அலுவலர் பார்த்துக் கையெழுத்திடுவது நல்லது. அமெரிக்காவுக்குப் போகும் சரக்கென்றால் அங்குள்ள மீன் பொருள் விதிப்படி கண்காணிப்புப் பதிவை எழுதிய ஒரு வாரத்துக்குள் மறுபார்வை முடிய வேண்டும். குளிர்ந்த சரக்கின் பதிவுகளை ஓராண்டும், உறைந்ததன் பதிவுகளை இரண்டு ஆண்டும் வைத்திருக்க வேண்டும். நாள், நேரம், எழுதியவர் கையெழுத்து மூன்றும் இல்லாத தாள் அங்கே பதிவாகவே எடுபடாது, எனவே இந்த மூன்று கட்டங்களையும் தாளின் தலையிலேயே வையுங்கள். தவறி எழுதினால் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வெள்ளை மை பூசினால் தணிக்கையாளர் அந்தப் பக்கம் முழுவதையும் சந்தேகிப்பார்.

10. கோப்பு மாறும்போது

ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் அது எந்த ஸ்லைடு எண்ணிலிருந்து, திட்டத்தின் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சின்னதாக எழுதிவைத்த ஒரு மூலப் பிரதி அலுவலகத்தில் இருக்கட்டும். ஷெட்டில் மாட்டும் தாளில் அது வேண்டாம், பதிப்பு எண்ணும் தேதியும் மட்டும் போதும். தலைமை ஆலை புதுக் கோப்பு அனுப்பும்போது எந்த ஸ்லைடு மாறியதோ அதற்குரிய வரியை மட்டும் தொட்டால் போதும்.

பழைய பதிப்புத் தாள்கள் எல்லாவற்றையும் அன்றே ஷெட்டிலிருந்து எடுத்துவிடுங்கள், ஐஸ் அறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியதையும் சேர்த்து. ஜூன் நடுவில் கடல் திறந்து புது ஆட்கள் வரும்போது, முதல் நாள் காலையில் ஒவ்வொருவரையும் அவருடைய பலகைக்கு முன்னால் நிறுத்தி, அவரே ஒருமுறை தெர்மாமீட்டரைச் செருகி எண்ணை எழுதிப் பார்க்கச் செய்யுங்கள். ஸ்லைடுகளை மதிய இடைவேளைக்குப் பிறகு காட்டிக்கொள்ளலாம்.